‘ஏ’ காணாமல் போன சான்றிதழ்

எண்ணூர் பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் யார்டில் நான் டாக்குமெண்ட் கன்ட்ரோலர். வெல்டிங் பொறியும் கிரைண்டர் சத்தமும் ஷெட்டில், எனக்கு ஏ.சி. ஓடாத ஒரு கன்டெய்னர் அறையும் நாற்பது ஐம்பது பாக்ஸ் ஃபைல்களும். எந்த ஜாயிண்ட்டை யார் வெல்ட் பண்ணினார், யார் பார்த்து கையெழுத்துப் போட்டார், அவருக்கு அந்தக் கையெழுத்தைப் போட என்ன தகுதி என்பதற்கெல்லாம் காகிதம் சேர்த்து அடுக்குவதுதான் வேலை. கடைசியில் அந்த அடுக்குதான் கிளையன்ட்டுக்குப் போகும். இரும்பு போனாலும் அடுக்கு போகாவிட்டால் பில் பாஸாகாது.

இந்தக் கதையில் வருகிறவரை அண்ணன் என்றே சொல்கிறேன். யார்டிலும் அப்படித்தான் கூப்பிட்டேன். திருவொற்றியூர்க்காரர். ஃபிட்டராக ஆரம்பித்து, வெல்டிங் சூப்பர்வைசராகி, ஒன்பது வருஷம் கத்தாரிலும் இங்குமாக இருந்துவிட்டு எங்களிடம் வெல்டிங் இன்ஸ்பெக்டராகச் சேர்ந்தார். ரெசுமேயில் இரண்டாவது வரியிலேயே ‘ஏ.டபிள்யூ.எஸ். சி.டபிள்யூ.ஐ.’ என்று தடித்த எழுத்தில் இருந்தது. கூடவே சான்றிதழின் பி.டி.எஃப். அதை பிரிண்ட் எடுத்து ஃபைலில் போட்டவள் நான்தான். நம்பரை ரிஜிஸ்டரில் ஏற்றியதும் நானே.

சி.டபிள்யூ.ஐ. என்பது அமெரிக்கன் வெல்டிங் சொசைட்டி கொடுக்கும் ‘சர்டிஃபைடு வெல்டிங் இன்ஸ்பெக்டர்’ தகுதி. தேர்வு மூன்று பகுதி. முதலாவது அடிப்படை அறிவு. இரண்டாவது செய்முறை: வெல்டின் பிளாஸ்டிக் அச்சுகளைக் கையில் கொடுப்பார்கள், கேஜ் வைத்து அளந்து, கூடவே தரும் விதிப்புத்தகத்தோடு ஒப்பிட்டு ஏற்கலாமா தள்ளலாமா என்று சொல்ல வேண்டும். மூன்றாவது, வெல்டிங் தரவிதிகள் அடங்கிய கோட் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதுவது. மூன்றிலும் தனித்தனியாக 72 சதவீதம் எடுத்தால்தான் சி.டபிள்யூ.ஐ. அதற்குக் கீழே, ஆனால் ரொம்பவும் கீழே போகாமல் இருந்தால், சி.ஏ.டபிள்யூ.ஐ. நடுவில் வரும் அந்த ‘ஏ’ என்றால் அசோசியேட். சி.டபிள்யூ.ஐ. ஒருவரின் மேற்பார்வையில் வேலை பார்க்கலாம். தனியாக முடிவு சொல்லிக் கையெழுத்துப் போடும் இடம் அவருக்கு இல்லை.

அண்ணனுக்கு உண்மையில் இருந்தது அந்த ‘ஏ’ உள்ள சான்றிதழ். முதல் பகுதியிலும் மூன்றாம் பகுதியிலும் தாண்டிவிட்டார். செய்முறையில் 68. நான்கு சதவீதம். இதெல்லாம் பின்னால் அவரே சொல்லித்தான் தெரியும். ஒன்பது வருஷம் நிஜ வெல்டைப் பார்த்த மனுஷன் பிளாஸ்டிக் வெல்டில் போய்த் தடுக்கினார். நேரம் போதவில்லை என்றார். விழுந்த பகுதியை மட்டும் மறுபடி எழுத வழி இருந்தது. கட்டணம் டாலரில், அந்த நேரத்தில் தங்கச்சி கல்யாணம். ஒரு ராத்திரி லேப்டாப்பில் பி.டி.எஃப். எடிட்டரைத் திறந்து ‘அசோசியேட்’ என்ற ஒரே சொல்லை அழித்தார்.

இப்போது அந்த பிரிண்ட்டை எடுத்துப் பார்த்தால் எனக்குப் பளிச்சென்று தெரிகிறது. ‘சர்டிஃபைடு’க்கும் ‘வெல்டிங்’குக்கும் நடுவில் இடைவெளி கொஞ்சம் அதிகம். மற்ற வரிகள் நடுவாக நிற்கும்போது இந்த வரி மட்டும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. சேர்ந்த அன்றைக்கு என் கண் அங்கே போகவே இல்லை. போயிருந்தாலும் ஸ்கேனிங் கோளாறு என்று விட்டிருப்பேன்.

அண்ணன் எங்களிடம் ஐந்து மாதம் இருந்தார். அதில் இரண்டு வேலைகளில் கையெழுத்துப் போட்டார். முதலாவது ஒரு பைப் ரேக், குழாய்களைத் தாங்கும் இரும்புச் சட்டம். வெல்ட், பெயிண்ட் எல்லாம் முடிந்து லாரி ஏறிவிட்டது. இரண்டாவது ஸ்கிட் ஃபிரேம்கள், இயந்திரங்களை ஏற்றி வைக்கும் அடிச்சட்டங்கள். அந்த கிளையன்ட்டின் ஸ்பெக்கில் ‘இன்ஸ்பெக்டர் நடப்பிலுள்ள சி.டபிள்யூ.ஐ. ஆக இருக்க வேண்டும்’ என்று தனியாக ஒரு வரி உண்டு. அதனால் ரெசுமேயையும் சான்றிதழையும் அனுப்பி அப்ரூவல் வாங்கினோம். அவர்களும் ஒரு ஸ்டாம்ப் அடித்துத் திருப்பி அனுப்பினார்கள். அங்கேயும் யாரும் நம்பரைத் தட்டிப் பார்க்கவில்லை.

தட்டிப் பார்த்தவர் டி.பி.ஐ. சார், அதாவது கிளையன்ட் சார்பில் வரும் மூன்றாம் தரப்பு இன்ஸ்பெக்டர். அவரும் ஒரு சி.டபிள்யூ.ஐ. அதிகம் பேசமாட்டார். வருவார், டார்ச் அடிப்பார், டீ குடிப்பார், போவார். அண்ணன் ரிப்போர்ட்டில் குத்தும் ரப்பர் ஸ்டாம்ப்பைப் பார்த்துவிட்டு ஒருநாள் “வாலட் கார்டு இருக்கா?” என்று கேட்டார். சொசைட்டி சான்றிதழோடு பர்ஸில் வைக்கிற மாதிரி ஒரு அட்டையும் தரும். அண்ணன் “வீட்ல இருக்கு சார்” என்றார். அடுத்த வாரமும் வீட்டில்தான் இருந்தது. மூன்றாவது தடவை சார் எதுவும் கேட்கவில்லை. என் அறைக்கு வந்து ரிஜிஸ்டரைத் திருப்பி, நம்பரை போனில் அடித்தார். சொசைட்டியின் தளத்தில் குவிக்செக் என்று ஒன்று இருக்கிறது. சான்றிதழ் நம்பரும் குடும்பப் பெயரும் கொடுத்தால் நிலை என்ன, எப்போது முடிகிறது என்று காட்டிவிடும். காசு கிடையாது. அரை நிமிஷம்கூட ஆகவில்லை. போனை என் பக்கம் திருப்பினார். பெயர் சரி. நம்பர் சரி. தேதி சரி. தகுதி என்ற இடத்தில் ‘ஏ’ உட்கார்ந்திருந்தது.

“நீங்க இத என்னைக்காவது பாத்தீங்களாம்மா?” என்று கேட்டார். அவர் திட்டியிருந்தால் பரவாயில்லை போலிருந்தது.

ஸ்டாம்ப் பற்றி ஒரு வார்த்தை. அது பாரிமுனை சந்தில் செய்தது. பெயர், நம்பர், முடியும் தேதி எல்லாம் எழுதிக் கொடுத்தால் சாயங்காலம் கைக்கு வந்துவிடும். கடைக்காரர் எதற்குச் சான்றிதழ் கேட்கப் போகிறார்? நான்கூட ‘டாக்குமெண்ட் கன்ட்ரோல்’ ஸ்டாம்ப்பை அதே சந்தில்தான் செய்து வாங்கினேன்.

அன்று மதியமே கிளையன்ட்டிடமிருந்து என்.சி.ஆர். வந்தது. ஒப்பந்தத்துக்கு ஒவ்வாத விஷயம் என்று எழுத்தில் பதிவு செய்யும் காகிதம் அது. அண்ணன் எச்.ஆர். அறையில் போய், “ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் போய்டறேன் சார், விட்டுருங்க” என்று கேட்டிருக்கிறார். எத்தனையோ இடங்களில் இப்படித்தான் முடியும். ஆள் ராஜினாமா செய்வார், யார்டுக்கும் மானம் போகாது, அதே பி.டி.எஃப். அடுத்த யார்டின் ஃபைலில் போய் உட்காரும். இங்கே அதற்கு வழியில்லாமல் போனதற்குக் காரணம் எங்கள் நிர்வாகத்தின் நேர்மை என்று நான் பெருமையடித்துக்கொள்ள மாட்டேன். என்.சி.ஆர். படிவத்தில் ‘மூல காரணம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்பாமல் மூட முடியாது. ‘இன்ஸ்பெக்டர் சொந்தக் காரணங்களால் விலகினார்’ என்று எழுதிப் பார்த்தார்கள். திருப்பி அனுப்பிவிட்டார்கள். ‘சான்றிதழ் திருத்தப்பட்டது, சேரும்போது சரிபார்க்கப்படவில்லை’ என்று எழுதிய பிறகுதான் அடுத்த கட்டத்துக்குப் போக முடிந்தது. அப்படி எழுதிவிட்டு ராஜினாமாவை ஏற்க முடியாது.

வேலைநீக்கக் கடிதம் ஒரே பக்கம். வேலையில் சேரும்போது நாமெல்லோரும் படிக்காமல் கையெழுத்துப் போடும் அப்பாயின்ட்மெண்ட் ஆர்டரில், ‘அளித்த விவரம் பொய்யென்று தெரிந்தால் முன்னறிவிப்பின்றி நீக்கலாம்’ என்று ஒரு பிரிவு இருக்கும். அதைச் சுட்டிக்காட்டி நீக்கினார்கள். நோட்டீஸ் காலச் சம்பளம் கிடையாது. வேலை பார்த்த நாளுக்கான சம்பளம் மட்டும். அனுபவக் கடிதம் கேட்டார். ‘இன்ஸ்பெக்டராகப் பணிபுரிந்தார்’ என்று எழுத எச்.ஆர். மறுத்துவிட்டார். ஐந்து மாதம் ரெசுமேயில் ஓட்டையாக நிற்கிறது.

போலீஸுக்குப் போகவில்லை. போயிருக்கலாம். ஏமாற்றுவதற்காக ஆவணத்தைத் திருத்துவது பாரதிய நியாய சன்ஹிதா 336-ஆம் பிரிவின்படி ஏழு வருஷம் வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம். திருத்தியதை நிஜம் என்று காட்டிப் பயன்படுத்துவது 340-இல் தனியாக வரும். ரெசுமேயில் பொய்யாக ஒரு வரி எழுதுவது ஒன்று. சான்றிதழையே திருத்திக் கொடுப்பது வேறொன்று. அந்த வித்தியாசம் அன்றைக்குத்தான் எனக்கும் புரிந்தது. வெறும் வரியாக இருந்தால் வேலையோடு போயிருக்கும் என்று எச்.ஆர். சொன்னார். நீண்ட சர்வீஸ் உள்ளவர்களுக்கு இன்னொன்றும் இருக்கிறது. போலியான பிறப்புச் சான்றிதழ் காட்டி வேலையில் சேர்ந்தவர் விஷயத்தில், குற்ற வழக்கில் தண்டனை இல்லாமலே நிறுவனம் கிராஜுவிட்டியை நிறுத்தலாம் என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அண்ணனுக்கு அந்தப் பேச்சே இல்லை, ஐந்து மாதம்தானே.

எனக்கு மறக்காதது அதற்கப்புறம் வந்த பத்து நாள். ஸ்கிட் வேலையில் அவர் கையெழுத்திட்ட ஜாயிண்ட் மொத்தம் 168. அத்தனைக்கும் அவர் பார்த்தது பார்த்ததாகவே கணக்கில்லை என்று ஆனது. வெளியிலிருந்து ஒரு சி.டபிள்யூ.ஐ.யை நாள் கூலிக்கு அழைத்து வந்தோம். பெயிண்ட் அடிக்காத 131 ஜாயிண்ட் மூன்று நாளில் முடிந்தது. மீதி 37-க்கு பிரைமர் ஏறிவிட்டிருந்தது. பெயிண்ட்டுக்கு மேல் விஷுவல் பார்க்க முடியாது. அண்டர்கட், சின்னச் சின்ன துளை எல்லாம் அதற்குள் ஒளிந்துகொள்ளும். மறுபடி பெயிண்ட்டை உரிக்க பிளாஸ்டிங், பார்ப்பது, மறுபடி பிரைமர்.

நிஜச் சிக்கல் ஃபிட்-அப். இரண்டு தகடுகளை வெல்டுக்கு முன் சேர்த்து நிறுத்தும்போது நடுவில் எவ்வளவு இடைவெளி, விளிம்பு என்ன கோணத்தில் சீவியிருக்கிறது, ஒன்றுக்கொன்று ஏறி இறங்கி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். முழு ஊடுருவல் வெல்டாக இருந்த 22 ஜாயிண்ட்டுக்கு அது ஹோல்ட் பாயிண்ட். இன்ஸ்பெக்டர் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் வெல்டர் கையை வைக்கக் கூடாது. அந்தக் கையெழுத்து செல்லாது என்றால் மறுபடி பார்க்கலாமே என்று தோன்றும். எதைப் பார்ப்பது? அந்த இடைவெளி வெல்டுக்குள் புதைந்து போய்விட்டது. சூடேற்றிய வெப்பநிலையும் அப்படித்தான், அந்த நேரத்தில் அளந்தால் உண்டு. அதனால் 22-ஐயும் அல்ட்ராசோனிக் வைத்துத் தேடினோம். 21 சுத்தம். ஒன்றில் அடி வேரில் உருகாத கோடு, ஒரு சாண் நீளம். குடைந்து எடுத்து, மறுபடி வெல்ட் வைத்து, மறுபடி அல்ட்ராசோனிக்.

அந்த ஒன்று அண்ணன் தவறவிட்டதா என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. அவர் ரிப்போர்ட்டில் இடைவெளி மூன்று மில்லிமீட்டர் என்று இருக்கிறது. தகடுகளைப் பிடித்து நிறுத்த அங்கங்கே சின்னதாக டாக் வெல்ட் வைத்த பிறகு சுருங்கி நெருங்கியிருக்கலாம். வெல்டர் கை அவசரமாக இருந்திருக்கலாம். உண்மையான சி.டபிள்யூ.ஐ. பார்த்திருந்தாலும் வந்திருக்கக்கூடிய கோளாறு. விஷுவலில் 168-இல் ஒன்றுகூட விழவில்லை. வெளியிலிருந்து வந்தவரே “நல்லா பாத்திருக்காருப்பா” என்று சொல்லிவிட்டுப் போனார். அதைக் கேட்டு எனக்கு எரிச்சல்தான் வந்தது.

எரிச்சலுக்கு இன்னொரு காரணம் பைப் ரேக். லாரி ஏறிப் போன அந்த வேலைக்கும் கிளையன்ட்டிடம் சொல்லியாக வேண்டும். கடிதம் எழுதுவதற்கு முன் ஸ்பெக்கை எடுத்து வரி வரியாகப் படித்தேன். அதில் சி.டபிள்யூ.ஐ. என்ற சொல்லே இல்லை. எஃகுக் கட்டமைப்பு வெல்டிங்குக்கான டி1.1 கோட்படி இன்ஸ்பெக்ஷன் என்று மட்டும் இருந்தது. டி1.1-ஐத் திறந்தால், இன்ஸ்பெக்டர் தகுதிக்கு அது மூன்று வழி வைத்திருக்கிறது. சி.டபிள்யூ.ஐ. ஆக இருப்பது அல்லது முன்பு இருந்தது ஒரு வழி. கனடாவின் வெல்டிங் அமைப்பு தரும் தகுதி இன்னொன்று. மூன்றாவது, பயிற்சியாலோ அனுபவத்தாலோ அந்த வேலையைத் திறம்படப் பார்க்கக்கூடிய ஒருவர். ஒன்பது வருஷ அனுபவத்தைக் காட்டி, ‘ஏ’வை அழிக்காமலே, எங்கள் ஒப்புதலோடு அந்த மூன்றாவது வழியில் அண்ணன் பைப் ரேக்கைப் பார்த்திருக்கலாம். சம்பளம் கொஞ்சம் குறைந்திருக்கும். ஸ்கிட் வேலைக்கு வேறு ஆள் வந்திருப்பார். அவ்வளவுதான்.

அந்த கிளையன்ட் எங்கள் விளக்கத்தை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் அடுத்த என்கொயரி எங்களுக்கு வரவில்லை. இதனால்தானா என்று தெரியாது, கேட்கவும் முடியாது.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஒரு மாதம் கழித்து ஞாயிற்றுக்கிழமை அண்ணன் போன் செய்தார். “ம்மா, தேரடிகிட்ட இருக்கேன். ஒரு அஞ்சு நிமிசம் வர முடியுமா? ஒரு மெயில் வந்திருக்கு, இங்கிலீசு, என்ன எழுதறதுன்னு புரியல.”

சொசைட்டியிலிருந்து வந்த மெயில். டி.பி.ஐ. சார் புகார் அனுப்பியிருந்தார், என் ரிஜிஸ்டர் பக்கத்தின் போட்டோவோடு. வெல்டிங் இன்ஸ்பெக்டர்களுக்குச் சொசைட்டி வைத்திருக்கும் விதிநூலுக்கு க்யூ.சி.1 என்று பெயர். அதில் நடத்தை விதிகள் தனியாக உண்டு. அதில் ஒன்று: கேட்டால் சான்றைக் காட்ட வேண்டும், இப்போதைய நிலையைப் பொய்யாகச் சொல்லக் கூடாது, ஆவணத்தைத் திருத்தியோ வாயாலோ எழுத்தாலோ தன் தகுதியின் படியை மாற்றிக் காட்டக் கூடாது. அடைப்பில் மூன்று படிகளையும் எழுதியே வைத்திருக்கிறார்கள்: சீனியர், சி.டபிள்யூ.ஐ., அசோசியேட். இப்படி நடக்கும் என்று தெரிந்துதான் அந்த வரியை எழுதியிருக்கிறார்கள்.

அவருக்கு அப்போதும் புரியாமல் இருந்தது ஒன்றுதான். “இல்லாத சி.டபிள்யூ.ஐ.ய எப்டிம்மா புடுங்குவாங்க?” என்று கேட்டார். சர்ட்டிஃபிகேட்டே இல்லாதவன் பொய் சொன்னால் கொடுத்த அமைப்பால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாதுதான். அவன் பெயர் அவர்களிடம் இல்லை. பாதி உண்மை வைத்திருப்பவன்தான் அகப்படுவான். தேர்வு எழுதும்போதே அந்த விதிகளுக்குக் கட்டுப்படுகிறேன் என்று அண்ணன் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவர்கள் கையில் இருப்பது அவருடைய நிஜமான சி.ஏ.டபிள்யூ.ஐ. அதைத்தான் எடுப்பார்கள். இதைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்காமல் மெட்ரோ பாலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

பதில் எழுத அவகாசம் கொடுத்திருந்தார்கள். ரெசுமேயை ஏஜென்சிக்காரன் மாற்றிவிட்டான் என்று எழுதலாமா என்றார். “அண்ணா, ஸ்டாம்ப்பு யாரு பண்ணது?” என்று கேட்டேன். அப்புறம் நான்கு வரி எழுதினோம். செய்தேன், எப்போது, எந்த வேலையில், எத்தனை ரிப்போர்ட்டில் என்று. தங்கச்சி கல்யாணத்தைச் சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன், அனுப்பும்போது அவரே அழித்துவிட்டார்.

சான்றிதழ் ரத்து என்று பதில் வந்தது. கையில் இருக்கும் அட்டையையும் ஸ்டாம்ப்பையும் பயன்படுத்தக் கூடாது. நான்கு சதவீதத்தில் நின்ற செய்முறைப் பகுதியை மறுபடி எழுதலாம் என்ற நினைப்பும் அதோடு போனது. குவிக்செக்கில் ஒருநாள் அவர் நம்பரை அடித்துப் பார்க்கப் போனேன். பாதி அடித்துவிட்டு மூடிவிட்டேன்.

இதற்கிடையில் எங்கள் பங்குக்கு நாங்களும் ஃபைல்களைத் தோண்டினோம். என்.சி.ஆரில் ‘சரிசெய்யும் நடவடிக்கை’ என்று ஒரு கட்டம் இருக்கிறதே. எல்லா இன்ஸ்பெக்டர், டெக்னீஷியன் சான்றிதழையும் கொடுத்த இடத்திலேயே நான் சரிபார்க்க வேண்டும் என்று முடிவானது. வெல்டைச் சேதப்படுத்தாமல் சோதிக்கும் என்.டி.டி. பையன்கள் பதினொரு பேர். ஏழு பேர் ரெசுமேயில் ‘ஏ.எஸ்.என்.டி. லெவல் 2’. வடசென்னையில் டிப்ளமா முடித்துவிட்டு இரண்டு வாரக் கோர்ஸ் போன எந்தப் பையனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான். பயிற்சி மையம் கொடுத்த அட்டையிலும் அப்படித்தான் பெரிதாக அச்சாகியிருக்கும். ஆனால் எஸ்.என்.டி-டி.சி-1ஏ என்ற அந்த முறையில் லெவல் 2 சான்று கொடுப்பவர் வேலை கொடுக்கும் நிறுவனம். ஏ.எஸ்.என்.டி. அந்த வழிகாட்டு நூலை வெளியிட்ட அமைப்பு, அவ்வளவே. கூடவே, வேலையை விட்டு வெளியே வந்த அன்றே அந்த நிறுவனம் கொடுத்த சான்று ரத்தானதாகக் கணக்கு. புது நிறுவனம் தன் லெவல் 3 நிபுணரை வைத்துத் தேர்வு நடத்தி, தன் பெயரில் புதிதாகக் கொடுக்க வேண்டும்.

ஆக, அந்த ஏழு பேரின் ரெசுமேயும் கறாராகப் பார்த்தால் பொய். ஒருவன்கூட ஏமாற்ற நினைக்கவில்லை. ஒருவன் அட்டையைக் காட்டி, “முப்பதாயிரம் கட்டினேன்க்கா” என்றான். ஏழு பேருக்கும் எங்கள் யார்டு தேர்வு வைத்தது, கண் பரிசோதனையோடு. ரெசுமேயில் ‘இன்ன முறையில் லெவல் 2 பயிற்சி முடித்தேன், இன்ன நிறுவனம் இன்ன தேதி வரை சான்றளித்தது’ என்று மாற்றி எழுதச் சொன்னேன். “இப்டி எழுதுனா கல்ஃப் ஏஜென்ட்டு படிக்கவே மாட்டான்க்கா” என்றான் ஒருவன். அவன் சொன்னதும் சரிதான்.

அண்ணன் இப்போது மணலியில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர் ஃபோர்மேன். போன வாரம் வாட்ஸ்அப்பில் புது ரெசுமே அனுப்பியிருந்தார். ஒரு ஷட்டவுன் வேலைக்கு, சூப்பர்வைசர் போஸ்ட். சான்றிதழ் என்ற தலைப்பின் கீழ் ‘ஏ.டபிள்யூ.எஸ். சி.ஏ.டபிள்யூ.ஐ.’ என்று இருந்தது, ‘ஏ’வோடு.

“அண்ணா, இதும் இப்ப இல்லையே” என்று வாய்ஸ் அனுப்பினேன்.

இரண்டு டிக் நீலமாகி ரொம்ப நேரம் ஆனது. ‘அப்ப ரெண்டு பார்ட்டு பாஸ் பண்ணேன்னு போடலாமா?’ என்று வந்தது. யோசித்து நான் பதில் அடிப்பதற்குள் அந்த மெசேஜை டெலீட் செய்துவிட்டு வேறு ஃபைல் அனுப்பினார். அதில் சான்றிதழ் என்ற தலைப்பே இல்லை. கத்தாரில் பார்த்த வேலைகளின் பட்டியல் மட்டும், வருஷத்தோடு.